நிறுத்தச் சொன்ன பிறகும் கலாய்த்துக்கொண்டே இருக்கும் நண்பன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பன், அவன் என்றே கீழே எழுதியிருக்கிறேன். தோழியாக இருந்தாலும் விஷயம் ஒன்றுதான்.

"போதும்டா, நிறுத்துடான்னு சொல்லிட்டேன். கேட்கவே மாட்டேங்கிறான். புரியலையா, புரிஞ்சேதான் பண்றானா?"

நீங்கள் எப்படிச் சொன்னீர்கள் என்பதை முதலில் நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் நடப்பது இதுதான்: நாலு பேர் நடுவில் அவன் ஒன்று சொல்கிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள், நீங்களும் சிரித்துக்கொண்டே "டேய் விடுடா, போதும்" என்கிறீர்கள். ஆனால் கலாய்க்கிற விளையாட்டில் மாட்டிக்கொண்டவன் "விடுடா" என்று கத்துவதும் ஆட்டத்தில் சேர்த்திதான். அதைக் கேட்டால் கலாய்ப்பவன் இன்னும் ரெண்டு சேர்த்துப் போடுவான். அதனால் அது அவன் காதில் வேண்டுகோளாக விழவில்லை, ஜோக் நன்றாக வேலை செய்கிறது என்றுதான் விழுந்திருக்கிறது. இப்படிச் சொன்னதெல்லாம் சொன்ன கணக்கில் வராது.

தனியாக இருக்கும்போது, சிரிக்காமல், எந்த விஷயம் வேண்டாம் என்று பெயர் சொல்லிச் சொல்லியிருந்தால், அது சொன்ன கணக்கு. அதற்குப் பிறகும் வருகிறது என்றால் அவனுக்குப் புரிந்திருக்கிறது, புரிந்தும் செய்கிறான். இந்த இரண்டில் உங்களுடையது எது என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். முதலாவதுக்கு மருந்து சரியாகச் சொல்வது. இரண்டாவதுக்கு இன்னொரு முறை சொல்வதால் ஒன்றும் ஆகாது, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் பேசும்.

நடுவில் ஒரு ரகமும் உண்டு. வார்த்தையை விட்டுவிட்டு விஷயத்தைப் பிடித்துக்கொள்வான். வைத்த பட்டப்பெயரைச் சொல்வதில்லை, ஆனால் "அந்தப் பேச்சே எடுக்காதீங்கப்பா, இங்க ஒருத்தருக்குக் கோபம் வந்துடும்" என்று உங்களைப் பார்த்துக் கண்ணடிப்பான். நீங்கள் நிறுத்தச் சொன்னதே புது ஜோக் ஆகிவிட்டது. இதையும் நிறுத்தாத கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

"நட்புன்னா கலாய்ச்சுக்கிறது சகஜம்தானே. நான்தான் ஓவரா ஃபீல் பண்றேனோ?"

சகஜம்தான். நெருங்கியவர்கள் மட்டுமே ஒருவரையொருவர் தைரியமாக ஓட்ட முடியும், அது ஒரு அன்பு மொழி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒருவரை மேடை நடுவில் உட்கார வைத்து மற்றவர்கள் மாறி மாறிக் கலாய்க்கும் ரோஸ்ட் என்ற நிகழ்ச்சி எப்படி நடக்கிறது என்று பாருங்கள். நியூயார்க்கின் ஃப்ரையர்ஸ் கிளப் என்ற கலைஞர்கள் சங்கம் பிரபலமாக்கிய வடிவம் அது. நடுவில் உட்காருபவர் தானே சம்மதித்து வந்து உட்காருகிறார். ஒரே ஒரு ராத்திரி நடக்கிறது. எல்லோரும் பேசி முடித்ததும் மைக் அவர் கைக்கு வருகிறது, அவர் பதிலடி கொடுக்கிறார். தொலைக்காட்சி ரோஸ்ட்களில் இன்ன விஷயத்தைத் தொடக்கூடாது என்று நடுவில் உட்காருபவர் முன்கூட்டியே சொல்லி வைப்பதும் உண்டு. தொழிலாகவே அதைச் செய்பவர்கள் அந்தக் கோட்டைத் தாண்டாமல்தான் சிரிக்க வைக்கிறார்கள்.

உங்கள் நண்பன் செய்வதில் சம்மதம் இல்லை, முடியும் நேரம் இல்லை, மைக் உங்கள் கைக்கு வருவதும் இல்லை. பெயர் மட்டும்தான் ரோஸ்ட். அதனால் உங்களுக்கு வலிக்கலாமா கூடாதா என்ற ஆராய்ச்சியை விட்டுவிடுங்கள். இது நியாயமான வலி என்று நிரூபித்தால்தான் நிறுத்தச் சொல்ல உரிமை வரும் என்பதில்லை. உங்களைப் பற்றிய ஜோக் உங்களுக்கு வேண்டாம், அது போதும்.

"அவன் மனசுல எதுவும் கிடையாது, சும்மா ஜாலிக்குத்தான் பண்றான்னு எல்லாரும் சொல்றாங்க. அது நிஜமா இருந்தா?"

நிஜமாகவே இருக்கலாம். 2006-ல் ஜஸ்டின் க்ரூகர் என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்த இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கேலி செய்தவர்களுக்கு அது விளையாட்டாகவும் தீங்கில்லாததாகவும் தெரிந்தது, அதே கேலிக்கு ஆளானவர்களுக்கு அந்த அளவுக்கு அப்படித் தெரியவில்லை. காரணம் எளிது. கேலி செய்பவனுக்குத் தன் மனசு தெரியும், "நான் பாசமாத்தானே சொன்னேன்" என்று அதை வைத்து எடை போடுகிறான். கேட்பவருக்கு முன்னால் இருப்பது வாயிலிருந்து வந்த வார்த்தை மட்டும்தான்.

அதனால் அவன் நல்லவனா கெட்டவனா என்ற விவாதத்துக்குள் போகாதீர்கள். அவன் நல்லவன் என்றே வைத்துக்கொண்டு பேசுவதுதான் உங்களுக்கும் வசதி. "உன் மனசுல ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியும். எனக்கு அது வேண்டாம்." இந்த இரண்டு வாக்கியமும் ஒன்றோடொன்று மோதவே இல்லை பாருங்கள். நல்ல மனசுக்காரன் என்றால் நிறுத்துவது அவனுக்கு எளிது.

"திரும்ப சரியா சொல்லணும்னா எப்படிச் சொல்றது? வார்த்தையே வர மாட்டேங்குது."

ஒரு உதாரணத்தை முழுசாக எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஒரு தேர்வை மூன்று முறை எழுதித் தேறவில்லை. நண்பன் அவருக்கு "அட்டெம்ப்ட்" என்று பெயர் வைத்துவிட்டான். உள்ளே நுழைந்தால் "அட்டெம்ப்ட் வந்துட்டான்பா". காபி சீக்கிரம் வந்தால் "பரவாயில்லையே, முதல் அட்டெம்ப்ட்லயே வந்துடுச்சு". ஒரு கல்யாணத்தில், அதுவரை அவரைப் பார்த்தே இராத ஒருவரிடம் அவரை அறிமுகப்படுத்தியதே அந்தப் பெயரில்தான். அந்தப் புது ஆள் சிரித்துவிட்டு "ஏன் சார் இந்தப் பேரு?" என்று கேட்க, தேர்வுக் கதை முழுக்க அங்கே ஓடியது.

இவர் சொல்ல வேண்டியது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

"டேய், ஒரு விஷயம். அந்த அட்டெம்ப்ட்ங்கிற பேரு இனிமே வேண்டாம். பரீட்சையை வெச்சு எந்த ஜோக்கும் வேண்டாம். வீட்ல தினமும் அதே பேச்சு, வெளிய வந்தாலும் அதேன்னா என்னால முடியலை. வேற எதை வெச்சு வேணாலும் என்னை ஓட்டு, நான் வண்டி ஓட்டறதை ஓட்டு, என் குறட்டையை ஓட்டு, நானும் சிரிப்பேன். இது மட்டும் வேண்டாம். இதுக்கு மேலயும் வந்துதுன்னா சண்டையெல்லாம் போட மாட்டேன், ஆனா எழுந்து போயிடுவேன். சரியா?"

சொல்லிவிட்டு நிறுத்திவிட வேண்டும். அவன் "சரி" என்று வாயால் சொல்லும் வரை அந்த மௌனத்தை நீங்கள் நிரப்பாதீர்கள்.

இதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெயரை மட்டும் சொல்லாமல் விஷயத்தையும் சேர்த்து வேலி போட்டிருக்கிறார், இல்லையென்றால் அவன் பெயரை மாற்றிக்கொண்டு வருவான். காரணம் ஒரே வரி. நீட்டினால் ஒவ்வொரு காரணத்துக்கும் அவன் ஒரு பதில் வைத்திருப்பான், பேச்சு வழக்காடல் ஆகிவிடும். வேறு எதை வைத்து ஓட்டலாம் என்றும் சொல்லியிருக்கிறார். இது ரொம்ப முக்கியம். பல நண்பர்களுக்கு உங்களிடம் பேசத் தெரிந்த ஒரே பாஷை கிண்டல்தான், அதை மொத்தமாகப் பிடுங்கினால் "இனிமே உன்கிட்ட பேசவே பயமா இருக்கு" என்று முறுக்கிக்கொள்வான். எந்தக் கிண்டலுமே உங்களுக்குப் பிடிக்காது என்றால் அந்த வரியை விட்டுவிடுங்கள், இல்லாத சம்மதத்தைக் கொடுக்காதீர்கள். கடைசியாக, "நீ இப்படிப் பண்ணினா உன்னை..." என்று மிரட்டவில்லை. தான் என்ன செய்வேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அது அவர் கையில் இருக்கும் காரியம், நிச்சயம் செய்யக்கூடியது.

கெட்டுப்போவது எங்கே என்றால், பேச்சின் இரண்டு முனைகளிலும்தான். ஆரம்பத்தில் "தப்பா எடுத்துக்காதே, நான்தான் கொஞ்சம் சென்சிட்டிவ்" என்று தொடங்கினால், அடுத்த வாரமே "பார்த்துப் பேசுங்கப்பா, சென்சிட்டிவ் பார்ட்டி" என்று அதுவே திரும்பி வரும். முடிவில், இறுக்கம் தாங்காமல் நீங்களே சிரித்து "சரி விடு, சும்மா சொன்னேன்" என்றால் மொத்தமும் ரத்து. சொல்லி முடித்ததும் பேச்சை மாற்றிக்கொள்ளலாம், சொன்னதை வாபஸ் வாங்கக் கூடாது.

நேரமும் பார்க்க வேண்டும். ஜோக் அடித்த சூட்டில் வேண்டாம், குடித்திருக்கும்போது வேண்டாம், அடுத்தவர் பக்கத்தில் இருக்கும்போது வேண்டவே வேண்டாம். இரண்டு பேரும் சேர்ந்து நடந்து போகும்போதோ வண்டியில் போகும்போதோ சொன்னால் முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை, இருவருக்கும் கொஞ்சம் லேசாக இருக்கும்.

"நேர்ல சொல்ல தைரியம் இல்லை. மெசேஜ்ல சொல்லலாமா?"

சொல்லலாம், சொல்லாமலே இருப்பதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் நாலு வரிக்கு மேல் போக வேண்டாம், ஸ்மைலி வேண்டாம், ராத்திரி 12 மணிக்கு அனுப்ப வேண்டாம். நீளமான மெசேஜ் ஸ்க்ரீன்ஷாட் ஆகி எங்கேயாவது போய் நிற்கும் வாய்ப்பு அதிகம், அதனால் குழுவில் எல்லோரும் படித்தாலும் உங்களுக்குக் கூச்சமில்லாத அளவுக்கு எழுதுங்கள். பதிலுக்கு சிரிக்கிற எமோஜி மட்டும் வந்தால் "சீரியஸாத்தான் சொல்றேன்" என்று ஒரே ஒரு வரி. அதற்கு மேல் எழுத வேண்டாம்.

"'நீ மட்டும் என்னைக் கலாய்க்கலையா?'ன்னு திருப்பிக் கேட்கிறான். நிஜமாவே நானும் கலாய்ச்சிருக்கேன்."

அப்படியென்றால் அவன் கேட்பது நியாயம், மறுக்காதீர்கள். "ஆமா, பண்ணியிருக்கேன். உனக்கு எது வேண்டாம்னு சொல்லு, நான் விட்டுடறேன். இது எனக்கு வேண்டாம்." இப்படிச் சொன்னதும் பேச்சு உடனே வேறு தளத்துக்குப் போய்விடும். அவன் உண்மையிலேயே ஏதாவது சொன்னால் அதை அன்றைக்கே விட்டுவிடுங்கள், அவன் உங்களுடையதை விட்டானா என்று காத்திருக்க வேண்டாம். "எனக்கெல்லாம் ஒண்ணும் இல்லை, நான் தாங்குவேன்" என்று சொன்னால், அது அவன் விருப்பம். அவன் தாங்குகிறான் என்பதற்காக நீங்களும் தாங்க வேண்டும் என்று ஆகாது, அதை நேராகவே அவனிடம் சொல்லலாம்.

"பேசினேன், சரின்னான். அடுத்த தடவை எல்லாரும் கூடினப்போ மறுபடி ஆரம்பிச்சுட்டான். அந்த இடத்துல என்ன பண்றது?"

பலரும் விட்டுவிடும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அட்டெம்ப்ட் கதையையே தொடர்வோம். ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பில் வருகிறது, இவர் கார்டைக் கொடுக்கிறார், மெஷினில் முதல் முறை எடுக்கவில்லை. நண்பன் ஒரு நொடி பொறுத்து, "விடு, நமக்கு இது பழக்கம்தானே" என்கிறான். மூன்று பேர் சிரிக்கிறார்கள்.

இவர் செய்ய வேண்டியது சிரிக்காமல் இருப்பது, முறைக்காமலும் இருப்பது. அவனைப் பார்த்து, சாதாரணக் குரலில், "அதைப் பத்திப் பேசியாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் விட்ட பேச்சைத் தொடர்வது. அவ்வளவுதான். குரலை உயர்த்தினால் எல்லோரும் உங்கள் கோபத்தைப் பார்ப்பார்கள், அவன் சொன்னது மறந்துவிடும். விளக்கம் கொடுத்தாலும் அதே கதைதான், ஏனென்றால் சிரித்துக்கொண்டிருக்கும் மூன்று பேர் நடுவராக உட்கார்ந்திருக்கும் வழக்கில் நீங்கள் ஜெயிக்க மாட்டீர்கள்.

அதே மாலையில் இரண்டாவது முறை வந்தால் எழுந்துவிட வேண்டும். உங்கள் பங்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு "நான் கிளம்பறேன், அப்புறம் பார்க்கலாம்" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு நடங்கள். கதவை அறைய வேண்டாம், திரும்பிப் பார்த்து ஒரு வசனம் விட வேண்டாம். முதுகுக்குப் பின்னால் "பாரு, கோச்சுக்கிட்டுப் போறான்" என்று கேட்கும். கேட்கட்டும். யாராவது ஓடிவந்து "இதுக்குப் போயா?" என்றால், "அவன்கிட்ட ஏற்கனவே சொல்லியிருந்தேன். வேற ஒண்ணும் இல்லை" என்று சொன்னால் போதும்.

இதற்கு முன்னேற்பாடு வேண்டும். அவன் வண்டியில் போய் இறங்கினால் அவன் வண்டியில்தான் திரும்ப வேண்டும், எழுந்து போக முடியாது. அதனால் கொஞ்ச நாளைக்குத் தனியாக வாருங்கள், தனியாகப் போங்கள்.

மறுநாள் அவனிடம் பேச்சுவார்த்தையை நிறுத்த வேண்டாம். வழக்கம்போல் இருங்கள். நேற்று எழுந்து போனது தண்டனை இல்லை, முன்கூட்டியே சொன்னதைச் செய்தீர்கள், அவ்வளவுதான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் பேச்சு "இவன் ஏன் இப்படி ஆயிட்டான்" என்று உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

"அப்படிப் பண்ணதுக்கு அப்புறம் இன்னும் ஜாஸ்தியா பண்றான்."

எதிர்பார்க்க வேண்டியதுதான். இதுவரை ஒரு ஜோக்குக்கு உங்களிடமிருந்து ஒரு சிரிப்போ முகச்சுளிப்போ "டேய்"யோ கிடைத்துக்கொண்டிருந்தது. திடீரென்று எதுவும் வருவதில்லை என்றால், பழையது திரும்பக் கிடைக்குமா என்று இன்னும் பலமாகத் தட்டிப் பார்ப்பான். நடத்தை உளவியலில் இதற்கு எக்ஸ்டிங்ஷன் பர்ஸ்ட் என்றே பெயர் உண்டு: கிடைத்துவந்த பலன் நின்றதும் ஒரு பழக்கம் ஓய்வதற்கு முன் கொஞ்ச நேரம் எகிறும்.

ஆபத்து என்னவென்றால், அந்த எகிறும் கட்டத்தில் நீங்கள் களைத்துப்போய் ஒரு நாள் சிரித்துவிட்டாலோ வெடித்துவிட்டாலோ, இவ்வளவு பலமாகத் தட்டினால் கதவு திறக்கும் என்று அவன் கற்றுக்கொள்வான். எப்போதும் பலன் கிடைக்கும் பழக்கத்தைவிட எப்போதாவது பலன் கிடைக்கும் பழக்கம்தான் லேசில் விடாது. நாலு தடவை உறுதியாக இருந்து ஐந்தாவது தடவை "சரி, இன்னைக்கு மூடு நல்லா இருக்கு" என்று சிரித்தீர்கள் என்றால் அந்த நாலும் வீண். அதனால்தான் சின்னதாக, சலிப்பாக, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி செய்யக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன்.

ஆனால் தட்டிப் பார்ப்பது வேறு, பழிவாங்குவது வேறு. அதே ஜோக்கைக் கூடக் கொஞ்சம் சத்தமாக, கூடக் கொஞ்சம் அடிக்கடி சொன்னால் தட்டிப் பார்க்கிறான். நீங்கள் ரகசியமாகச் சொன்னதை வெளியே எடுத்தாலோ, உங்கள் வீட்டார் முன்னாலோ வேலையிடத்து ஆட்கள் முன்னாலோ சொல்ல ஆரம்பித்தாலோ, அது வேறு கதை. அங்கே பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, கீழே பிரிவதைப் பற்றிச் சொல்லியிருப்பதற்கு நேராகப் போய்விடுங்கள்.

"நானும் திருப்பி நல்லா வெச்சு செஞ்சா அடங்க மாட்டானா?"

ஒரு ராத்திரிக்கு அடங்குவான். ஆனால் நீங்கள் கேட்டது ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி, கொடுப்பது ஆடுவதற்கான சம்மதம். அடுத்த முறை நிறுத்தச் சொன்னால் "அன்னைக்கு நீ சொன்னது மட்டும்?" என்று கேட்க அவனுக்கு நல்ல ஆதாரம் கிடைத்துவிடும். அதோடு, அவனை வாயடைக்க வைக்கும் அளவுக்கு வேண்டுமென்றால் அவனுக்கு நிஜமாக வலிக்கும் இடத்தில்தான் கை வைக்க வேண்டியிருக்கும், அதைச் சொன்ன பிறகு திரும்ப எடுக்க முடியாது. ஒரு சாமர்த்தியமான பதிலால் பேச்சை லேசாகத் திருப்புவது வேறு விஷயம், அது கைவரும் என்றால் செய்யுங்கள். இன்னும் நிறுத்தச் சொல்லாத கட்டத்தில் மட்டும்.

"அவன் சொல்றதைவிட மத்தவங்க சிரிக்கிறதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். குழுவில் கலாய்ப்பவன் பேசுவது உங்களிடம் அல்ல, அவர்களிடம். நீங்கள் அந்த ஜோக்கின் பொருள் மட்டும்தான். யாருமே சிரிக்காத ஜோக்கை யாரும் மூன்றாவது முறை சொல்வதில்லை.

அதற்காக எல்லோரிடமும் போய் முறையிட வேண்டாம், அது அவனுக்குத் தெரிந்தால் "எனக்குப் பின்னாடி ஆள் சேர்க்கிறான்" என்றாகும். ஒருவர் போதும். குழுவில் முதலில் சிரிப்பவர் யார் என்று கவனித்துப் பாருங்கள், எப்போதும் ஒருவர் இருப்பார், அவர் சிரித்தால்தான் மற்றவர்கள் தொடர்வார்கள். அவரிடம் தனியாக, "அந்தப் பரீட்சை ஜோக் எனக்கு நிஜமாவே கஷ்டமா இருக்கு, அவன்கிட்டயும் சொல்லிட்டேன். நீ எனக்காக அவன்கிட்ட பேச வேண்டாம், அதுக்குச் சிரிக்காம இருந்தா போதும்" என்று கேளுங்கள். சண்டைக்கு வா என்று கேட்டால் நூறு பேர் தயங்குவார்கள், சிரிக்காமல் இரு என்று கேட்டால் தயங்க மாட்டார்கள். அவராகவே "விடுடா, பழசாயிடுச்சு அது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், நீங்கள் பத்து முறை சொன்னதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

"வாட்ஸ்அப் குரூப்ல என் போட்டோவை ஸ்டிக்கரா ஆக்கி வெச்சிருக்கான்."

குழுவில் பதில் போடாதீர்கள். அவனுக்குத் தனியாக, "அந்த ஸ்டிக்கரை டெலீட் பண்ணு, இனிமே அனுப்பாதே" என்று ஒரு வரி. இதைப் பேச்சில் வரும் ஜோக்கைவிட ஒரு படி கூடுதலாகவே எடுத்துக்கொள்வேன், காரணம் பேச்சு காற்றோடு போய்விடும், ஸ்டிக்கர் ஒவ்வொருவர் போனிலும் சேமிப்பாகி நீங்கள் இல்லாத குழுக்களுக்கும் போய்விடும். அவன் அழித்தாலும் மற்றவர்கள் சேமித்து வைத்தது அப்படியே இருக்கும் என்பதால், சீக்கிரம் சொல்வது நல்லது. நிறுத்தவில்லை என்றால் குழுவை ம்யூட் செய்வதோ வெளியேறுவதோதான் இங்கே "எழுந்து போவது". வெளியேறும்போது அறிவிப்பு எழுத வேண்டாம்.

"ஒரே ஆபீஸ்ல வேலை பார்க்கிறோம், அங்கேயும் இதே கதைதான்."

வேலையிடத்தில் இது நட்பு விவகாரமாக மட்டும் இருக்காது, உங்களை மற்றவர்கள் எடை போடுவதையும் அது பாதிக்கும். ஒருமுறை எழுத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். தேதியும், சொன்ன வார்த்தையும், யார் இருந்தார்கள் என்பதும் குறித்து வையுங்கள். தொடர்ந்தால் மேலதிகாரியிடமோ மனிதவளப் பிரிவிலோ சொல்வது காட்டிக்கொடுப்பது ஆகாது. உடல், சாதி, மதம், பாலினம், நிறம் இவற்றைத் தொட்டால் முதல் முறையே சொல்லலாம்.

"'இனிமே பண்ண மாட்டேன், சாரிடா'ன்னான். நம்பலாமா?"

சாரியை வைத்து முடிவு செய்ய வேண்டாம், அடுத்த ஒரு மாதத்தைப் பாருங்கள். பழக்கம் நாக்கில் ஏறியிருக்கிறது, நிஜமாகத் திருந்த நினைப்பவனும் ஒன்றிரண்டு முறை நழுவுவான். நழுவியதும் என்ன செய்கிறான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாதியில் நிறுத்தி "ஸாரி, மறந்துட்டேன்" என்று தானே பேச்சை மாற்றுகிறானா? அப்படியென்றால் கவலை வேண்டாம், அதைப் பெரிதாக்காமல் விட்டுவிடுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்து, "ஐயோ, சொல்லக் கூடாதில்ல, மன்னிச்சுக்கோங்க சார்" என்று கைகூப்பி எல்லோரையும் சிரிக்க வைக்கிறானா? அப்படியென்றால் ஜோக் நிற்கவில்லை, உடை மட்டும் மாறியிருக்கிறது.

இன்னொரு நல்ல அடையாளம், வேறு யாராவது அந்த ஜோக்கைத் தொடங்கும்போது அவனே மடக்குவது. அது நடந்தால் இந்த விஷயம் முடிந்தது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

"எவ்வளவு நாள் பார்க்கிறது? எப்போ விட்டுடலாம்?"

தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள், சொன்னபடி எழுந்தும் போய்ப் பார்த்துவிட்டீர்கள், இரண்டு மூன்று மாதமாக எந்த மாற்றமும் இல்லை என்றால், உங்கள் கேள்விக்கு அவன் பதில் சொல்லிவிட்டான். நீங்கள் நம்பிச் சொன்னதை எடுத்து மேடையேற்றினால் அவ்வளவு நாள்கூட வேண்டாம்.

விடுவது என்றால் நட்பை முறிக்கும் பிரகடனம் என்று நினைக்காதீர்கள். பல பேரிடம் ஒரு விசித்திரம் இருக்கிறது, தனியாக இருக்கும்போது தங்கமாக இருப்பான், கூட்டம் சேர்ந்தால்தான் வேறு ஆள் ஆகிவிடுவான். அப்படிப்பட்டவனோடு கூட்டமாகப் போவதை மட்டும் நிறுத்திவிட்டு, இரண்டு பேராகச் சந்திப்பதை வைத்துக்கொள்ளலாம். அவன் கேட்டால் மறைக்க வேண்டாம்: "நாலு பேர் இருந்தா நீ என்னை ஓட்டுவே, அதனால வர்றதில்லை. நாம தனியா போலாம்." தனியாக இருக்கும்போதும் அதேதான் என்றால் சந்திப்பையே குறைத்துக்கொள்ளுங்கள். சொந்த ரகசியங்களை அவனிடம் சொல்வதை அதற்கும் முன்பே, இன்றைக்கே, நிறுத்திவிடலாம். குழுவில் உள்ள மற்றவர்களை நீங்களே தனித்தனியாகக் கூப்பிட்டுச் சந்தியுங்கள், இல்லையென்றால் ஒருவனை விலக்கப் போய் ஐந்து பேரை இழந்துவிடுவீர்கள். அவனைப் பற்றி அவர்களிடம் தீர்ப்பு கேட்காதீர்கள், பக்கம் எடுக்கச் சொன்னால் பழைய பழக்கம்தான் ஜெயிக்கும்.

"இதையெல்லாம் படிச்சா, எங்க குரூப்ல நான்தான் அந்த ஆளுன்னு தோணுது."

குழுவில் வைத்து "டேய், உனக்கு இது கஷ்டமா இருக்கா?" என்று கேட்காதீர்கள். எல்லோர் முன்னாலும் "இல்லடா, ஜாலிதான்" என்பதைத் தவிர அவரால் வேறு எதுவும் சொல்ல முடியாது. தனியாகப் போய், கேள்வியாகக் கேட்காமல், "அந்த ஜோக்கை நான் விட்டுட்டேன். நீ முன்னாடியே சொல்லியிருந்தே" என்று சொல்லுங்கள். அவர் "பரவாயில்லை" என்றால் அதைப் பழைய அனுமதி திரும்பிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களைப் பார்த்து மற்றவர்கள் அந்தப் பெயரைச் சொல்லப் பழகியிருப்பார்கள், அதை நிறுத்துவதும் உங்கள் வேலைதான். அடுத்த முறை யாராவது அந்தப் பெயரில் கூப்பிட்டால், அவர் திரும்புவதற்கு முன்னால், நீங்கள் அவருடைய நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.